தோற்று வந்த பிள்ளையிடம்

பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டு, பசறை வழியாக லுணுகலைக்குத் திரும்புகிறான் உங்கள் நண்பரின் மகன். கடைசிப் பந்தில் ஆட்டமிழந்தவன் அவன்தான். அவனுடைய அப்பா போனில் அழைக்கிறார். என்ன சொல்வீர்கள்?

முதலில் இதைச் சொல்லுங்கள்: "மச்சான், பஸ்ஸில் வரும்போது மேட்சைப் பற்றிக் கேட்காதே. நடுவரையும் திட்டாதே. திட்டினால், தோற்றதற்கு வேறு யாரோதான் காரணம் என்று பிள்ளை பழகிவிடுவான். 'விளையாட்டுதானே, விடு' என்றும் சொல்லாதே. அவனுக்கு அது பெரிய விஷயம். சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடு. 'மகன், நீ விளையாடுறதைப் பார்க்க எனக்குச் சரியான விருப்பம்' என்று மட்டும் சொல்."

ஆட்டத்தைப் பேச மறுநாள் போதும். அப்போதும் கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பந்து வரும்போது என்ன நினைச்சாய்?" அவசரப்பட்டேன் என்பான், அல்லது பந்தையே பார்க்கவில்லை என்பான். அடுத்த வாரப் பயிற்சிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு குமார் சங்கக்காரவின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். 2007, 2009, 2011, 2012 என நான்கு உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளில் அவர் ஆடிய இலங்கை அணி தோற்றது. 2009இல் லோர்ட்ஸில் 64 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றும் கிண்ணம் கிடைக்கவில்லை. நன்றாக ஆடியும் தோற்கலாம் என்பதைப் பிள்ளை அறியட்டும். 2014 ஏப்ரல் 6, டாக்காவில் இந்தியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 52 ஓட்டங்கள் எடுத்து அணியை வெல்லவைத்தவரும் அவர்தான்.