செயலி கைவிட்ட பிறகு

சேலை விற்கும் ஒரு பெண்ணின் சமூக ஊடகக் கணக்கு திடீரென்று முடக்கப்படுகிறது. செயலியிலேயே மேல்முறையீடு செய்கிறார். "இதுவே இறுதி முடிவு" என்று பதில் வருகிறது. பலரும் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தியாவில் இன்னும் ஒரு வழி இருக்கிறது.

2023-இல் மத்திய அரசு குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. ஆனால் அங்கே நேராகப் போக முடியாது. செயலிக்குள் பொத்தானை அழுத்திச் செய்த முறையீடு வேறு, செயலியை நடத்தும் நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு அனுப்பும் புகார் வேறு. அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். முதலில் அவருக்கு எழுதுங்கள். முடக்கிய தேதி, வந்த அறிவிப்பின் படம், எந்த விதியையும் மீறவில்லை என்பது, எல்லாம் இருக்கட்டும். அவருடைய பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் gac.gov.in தளத்தில் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

காரணமே சொல்லாமல் முடக்கியிருந்தால் இது முயன்று பார்க்கத் தக்கது. பதிவுகள் முன்போல் பலரைச் சென்றடையவில்லை என்பதற்கு இங்கே தீர்வு கிடைப்பது கடினம். கணக்கைத் திருடிப் பணம் பறித்திருந்தால் காத்திருக்காமல் 1930-ஐ அழையுங்கள்.