இடுப்பு சொல்லும் முன்னறிவிப்பு

சிதம்பரம் அண்ணாமலை நகரில் விடியற்காலை நடக்கப் போகும் ஒரு நாற்பது வயதுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 94. "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். ஆனால் அவர் இடுப்பு 96 சென்டிமீட்டர், ட்ரைகிளிசரைடு 190, ரத்த அழுத்தம் 134/88.

நம்மவர்களுக்கு இடுப்பின் எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. ட்ரைகிளிசரைடுக்கு 150. அழுத்தத்துக்கு 130/85. நல்ல கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்து ஐந்து அளவுகளில் மூன்று தவறினாலே அதற்கு வளர்சிதை மாற்றக் கூட்டுநோய் என்று பெயர். இவருக்கு அது வந்துவிட்டது.

இடுப்பைப் பெருக்கும், குடலைச் சுற்றிய கொழுப்பு கல்லீரலுக்குள் கொழுப்பு அமிலங்களைக் கொட்டுகிறது. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் விடுகிறது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதும் குறைகிறது. கணையம் கூடுதலாக உழைக்கும் வரை சர்க்கரை சரியாகவே தெரியும். கணையம் களைத்தபின்தான் சர்க்கரை ஏறும்.

இந்த நிலையில் இருப்பவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு. எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

இடுப்பை வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், இன்றே டேப்பை வைத்துப் பாருங்கள்.