கிராஷ் ஆகாத கிராஷ்: 1 ஜிபி போனில் ஒரு கடல் ஆப்

இன்னைக்கு ஒரே ஒரு புகாரைப் பத்தித்தான் பேசப்போறேன். பாம்பன்ல ஒரு நாட்டுப்படகுக்காரர் சொன்னது: "தம்பி, மீனைப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பி வந்தா ஆப்பு செத்துக் கெடக்கு."

மீனவர்களுக்கு அலை உயரம், காற்று, கடல் எல்லை எல்லாம் சொல்ற ஆப்கள் சில இருக்கு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் ஃபிரெண்ட் அதுல பலருக்கும் தெரிஞ்சது. நான் சோதிச்சது அது இல்லை, வேற ஒரு சின்ன ஆப். எச்சரிக்கையை ஆன் பண்ணிட்டா, எல்லைக்கோடு நெருங்கும்போது சத்தம் போடும். ராமேஸ்வரம் பக்கம் இது விளையாட்டு இல்லை. 1974 ஒப்பந்தத்துல முடிவான கோடு கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமா போகுது. தண்ணியில கோடு கண்ணுக்குத் தெரியாது. தாண்டினா படகும் போச்சு, ஆளும் சிறைக்குள்ள.

டெவலப்பர்கிட்ட கேட்டா, "கிராஷ் ரிப்போர்ட் ஒண்ணுகூட வரலையே" என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை. நான் அந்த அண்ணன் வெச்சிருந்த மாதிரியே 1 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 8.1 போன் ஒண்ணு வாங்கி, வாட்ஸ்அப் வீடியோக்களால ஸ்டோரேஜை முக்கால்வாசிக்கு மேல நிரப்பினேன். கம்ப்யூட்டர்ல எமுலேட்டருக்கு 1 ஜிபி கொடுத்தா போதாதான்னு கேப்பீங்க. போதாது. ரேம் குறையும், ஆனா டிஸ்க் உங்க கம்ப்யூட்டரோட வேகத்துலதான் ஓடும். போனை கேபிள்ல மாட்டி இதை ஓட விட்டேன்:

```
adb logcat -b events | grep -E "am_crash|am_anr|am_proc_died"
```

எச்சரிக்கையை ஆன் பண்ணி, கேமராவுக்குப் போய், ஒரு படம் எடுத்துத் திரும்பினேன். `am_crash` வரலை. `am_proc_died` மட்டும் வந்துச்சு. அதாவது ஆப் தப்பு செஞ்சு விழலை. கேமராவுக்கு இடம் பத்தாததால, பின்னால போன நம்ம ஆப்பை ஆண்ட்ராய்டே கொன்னுடுச்சு. ஆப்புக்குள்ள எந்தப் பிழையும் எழாததால ரிப்போர்ட்டும் போகாது. 6 ஜிபி போன்ல ஆப் உயிரோட காத்திருக்கும், அதனால டெவலப்பர் கண்ணுல இது படவே படாது.

செத்தது பெரிய குற்றம் இல்லைங்க. சின்ன போன்ல அது தினசரி நடக்கிறது. திரும்பி எழுந்திருக்கும்போது என்ன ஆகுதுன்றதுதான் விஷயம். இங்க எச்சரிக்கை ஆன்ல இருந்ததை ஆப் ஒரு வேரியபிள்ல மட்டும்தான் வெச்சிருந்துச்சு. புதுசா எழுந்ததும் அது ஆஃப். திரையில வரைபடம் எப்பவும்போலத் தெரியுது, அண்ணன் ஆன்ல இருக்குன்னு நம்பிக்கிட்டு வலை இழுக்கிறார்.

மத்த ரெண்டு புகாரும் இதோட வால்தான். "தொறக்க நேரமாகுது" என்பது, ஒவ்வொரு தடவையும் செத்து முதல்லேர்ந்து எழுந்திருக்கிறதால. "அப்படியே நிக்குது" என்பது, எழுந்ததும் பழைய பயணப் பதிவு முழுசையும் மெயின் த்ரெட்லயே படிக்கிறதால. நிரம்பின ஸ்டோரேஜ்ல அது நத்தை வேகம். அந்த நேரத்துல திரையைத் தொட்டு, 5 விநாடி பதில் இல்லைன்னா `am_anr` வரும். ஈரக் கையோட நாலு தடவை குத்தாம யார் இருப்பா?

கேமரா வரைக்கும் போகாமலே இதைச் சோதிக்கலாம். ஹோம் பட்டனை அழுத்திட்டு:

```
adb shell am kill com.example.kadal
adb shell am start -W -n com.example.kadal/.MainActivity
```

ரெண்டாவது வரி `TotalTime`-னு மில்லி விநாடில நேரம் காட்டும். அதை மட்டும் நம்பாதீங்க. முதல் படம் திரையில வர்ற வரைக்கும்தான் அந்தக் கணக்கு, வெறும் வெள்ளை வரைபடம் வந்தாலும் அதுக்கு வந்தாச்சு. நான் ஸ்டாப்வாட்ச் வெச்சு படகு இருக்கிற இடம் தெரியற வரைக்கும் எண்ணினேன். எச்சரிக்கை பழைய நிலைக்கு வருதான்னு பார்க்க, ஹோமுக்குப் பதிலா ரீசன்ட்ஸ்லேர்ந்தும் திறந்து பாருங்க.

திருத்தம் மூணு. எச்சரிக்கை நிலையை டிஸ்க்ல எழுதினாங்க. பதிவு படிக்கிறதை வேற த்ரெட்டுக்கு மாத்தினாங்க. எச்சரிக்கையை நோட்டிஃபிகேஷனோட ஓடற ஃபோர்கிரவுண்ட் சர்வீஸா ஆக்கினாங்க. அப்படி ஆக்கினா ஆண்ட்ராய்டு அதைக் கொல்ற வரிசையில கடைசிப் பக்கம் தள்ளி வைக்கும்.

தள்ளித்தான் வைக்கும், கொல்லவே கொல்லாதுன்னு இல்லை. சில போன்கள்ல பேட்டரி சேமிப்பு வசதியே அதையும் நிறுத்திடும். அதனால இன்னொண்ணு கேட்டு வாங்கினேன்: எச்சரிக்கை நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரத்தை எழுதி வைக்கணும், எழுந்ததும் இடைவெளி தெரிஞ்சா, "10:40 முதல் 11:15 வரை எச்சரிக்கை இயங்கவில்லை"ன்னு திரை முழுக்கச் சொல்லணும். டெவலப்பருக்கு இது பிடிக்கலை, ஆப்புக்குக் கெட்ட பேராம். அண்ணன்கிட்ட காட்டினேன். "இதைச் சொன்னா போதும் தம்பி, நான் ஜிபிஎஸ் பெட்டியப் பாத்துக்குவேன்" என்றார்.