ஆள்மாதமும் அரைவழிக் கணக்கும்

வீடு கட்டுவிப்பவர் சுவர் எழும்புவதைக் கண்ணாற் காண்கின்றார். மென்பொருள் செய்விப்பவருக்கு அந்த வசதி இல்லை. பணம் போவது தெரியும். வேலை ஏறுவது தெரியாது. ஆகவே அவர் கையிலுள்ள செலவு மதிப்பீடே வேலையை அளக்கும் கோலாகவும் அமைதல் வேண்டும்.

ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், தன் அங்கத்தவர்களின் சேமிப்பையும் கடனையும் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்ற விரும்புகின்றது எனக் கொள்க. செலவாகப்போவது அங்கத்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். வேலைக்கு நிரலாளர் நால்வர். காலம் 6 மாதம். ஆக 24 ஆள்மாதம்.

ஓர் ஆள்மாதத்தின் விலை சம்பளம் மாத்திரமன்று. சம்பளம் 3 இலட்சம் ரூபா எனின், தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்தல் வேண்டும். அது 45,000 ரூபா. கணினி, இடவசதி, விடுமுறை நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆள்மாதம் ஏறக்குறைய 4 இலட்சமாகும். 24 ஆள்மாதத்துக்கு 96 இலட்சம்.

இத்தொகையை எவ்வாறு பகிர்வது? ஐ.பி.எம். நிறுவனத்தில் 1960ஆம் ஆண்டுகளில் ஓஎஸ் 360 என்னும் பெரும் மென்பொருளின் ஆக்கத்தை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் தம் அனுபவத்திலிருந்து ஒரு பங்கீட்டைக் கூறினார். காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கு. ஆறில் ஒரு பங்கு நிரல் எழுதுவதற்கு. காற்பங்கு பகுதி பகுதியாகச் சோதிப்பதற்கு. எஞ்சிய காற்பங்கு முழுமையையும் ஒருங்கே சோதிப்பதற்கு. அஃதாவது சோதனைக்கே பாதி. சங்கத்தின் 6 மாதத்தில் 2 மாதம் திட்டமிடல், ஒரு மாதம் எழுதுதல், 3 மாதம் சோதனை.

நிருவாகக் குழுவினர் இதைக் கண்டு வியப்பர். எழுதி முடிந்த பின்பும் பாதிப் பணமா என வினவுவர். ஆனால் மாத நடுவில் கடனை மீளச் செலுத்தியவருக்கு வட்டி எத்தனை நாளுக்கு? பழைய பேரேட்டின் நிலுவையும் புதிய கணக்கின் நிலுவையும் சதம் பிசகாது ஒத்துவருகின்றனவா? இவற்றைச் சோதனையின்போது காணாவிடின், பின்னர் அங்கத்தவரே தம் புத்தகத்தில் காண்பார்.

அடுத்து மேகக் கணினி வாடகை. சோதனைக்கென ஒரு கணினி மாதம் 200 டொலர், 6 மாதத்துக்கு. நடைமுறைக்கு வந்தபின் மற்றொன்று மாதம் 300 டொலர், முதலாண்டு முழுவதற்கும். டொலர் 300 ரூபா எனக் கொண்டால் இரண்டும் 14 இலட்சத்து 40 ஆயிரம். சோதனைக் கருவியின் உரிமம் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 200 டொலர் எனின், நால்வருக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டால் அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. பராமரிக்கும் ஆளின் நேரமே செலவு. ஆக மொத்தம் ஒரு கோடியே 12 இலட்சத்து 80 ஆயிரம்.

வாடகையிலும் உரிமத்திலும் இரண்டு கவனிக்கத்தக்கன. அவை வேலை முடிந்தபின்பும் ஆண்டுதோறும் தொடர்வன, டொலரில் அறவிடப்படுவன. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபா வரை ஏறியது. டொலர்ச் செலவுக்குத் தனி ஒதுக்கம் வேண்டுமென்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி அரைவழிக் கணக்கு. மேற்கூறிய பங்கீட்டின்படி பாதி ஆள்மாதங்கள் செலவாகும்போது நிரல் எழுதி முடிந்திருத்தல் வேண்டும். மூன்றாம் மாத இறுதியில் நகை அடகுப் பகுதி இன்னும் எழுதப்படவில்லையெனின், நாலாம் மாதம் எழுத்துவேலைக்குப் போகும். சோதனைக் காலம் தேயும். 'நூற்றுக்குத் தொண்ணூறு முடிந்தது' என்னும் விடை அங்கே பயன்படாது. முடிந்த பகுதியை இயக்கிக் காட்டுமாறு கேட்டலே தக்கது.

அவ்வேளை மேலும் இருவரைச் சேர்ப்போம் என்னும் யோசனை எழும். தாமதித்த வேலைக்கு ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்பது புரூக்ஸ் கண்ட முடிவு. புதியவருக்குக் கற்பிப்பவர் பழையவரே. அந்நேரம் வேலை நிற்கும். நால்வரிடையே ஒருவரோடொருவர் பேசும் வழிகள் ஆறு, அறுவரிடையே பதினைந்து.

நகை அடகுப் பகுதியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்து, சேமிப்பையும் கடனையும் மாத்திரம் முழுமையாகச் சோதித்து வெளியிடுவதே சங்கத்துக்கு இலாபம். அடகுப் பேரேடு இன்னும் ஓராண்டு மேசைமேல் இருக்கலாம். பிழையான வட்டி ஒருநாளும் இருத்தல் ஆகாது.