கார்பன்-11 கணக்கில் காணாமல் போகும் இரண்டு எலக்ட்ரான்கள்

இன்னைக்கு ஒரே ஒரு கணக்கு. பேப்பர், பேனா பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கோங்க. பஸ்ஸில் இருந்தால் சும்மா கேளுங்க, எண்கள் எல்லாம் இந்தப் பக்கத்தில் இருக்கு.

கார்பன்-11 ஒரு பாசிட்ரானையும் ஒரு நியூட்ரினோவையும் வெளியே தள்ளிவிட்டு போரான்-11 ஆக மாறுகிறது. வெளிவரும் ஆற்றல், அதாவது Q, எவ்வளவு? பழைய என்சிஇஆர்டி பிளஸ் டூ புத்தகத்தில் இருந்த கணக்குதான். கொடுத்திருக்கும் நிறைகள் இவை:

m(C-11) = 11.011434 u
m(B-11) = 11.009305 u
mₑ = 0.0005486 u

நிறைய பேர் என்ன செய்வாங்க? பாசிட்ரானின் நிறை எலக்ட்ரானின் நிறைதான். அதனால் கார்பனில் இருந்து போரானைக் கழி, ஒரு பாசிட்ரானைக் கழி, 931.5 ஆல் பெருக்கு. விடை 1.472 MeV. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு.

ஏன்னா, அட்டவணையில் இருப்பது அணு நிறை. எலக்ட்ரான்களையும் சேர்த்து எடை போட்டது. சிதைவு நடப்பதோ அணுக்கருவுக்குள். கார்பன் அணுவில் 6 எலக்ட்ரான், போரான் அணுவில் 5. அணுக்கரு நிறை வேணும்னா கார்பனில் இருந்து 6 எலக்ட்ரானையும், போரானில் இருந்து 5 எலக்ட்ரானையும் எடுக்கணும். எழுதிப் பாருங்க:

Q = [(M_C − 6mₑ) − (M_B − 5mₑ) − mₑ] c²
Q = [M_C − M_B − 2mₑ] c²

கழிக்க வேண்டியது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வெளியே போன பாசிட்ரானுக்கு. இன்னொன்று, போரான் அணுவுக்குத் தேவைப்படாமல் மிஞ்சிய ஆறாவது எலக்ட்ரானுக்கு. இப்போ போடுங்க:

M_C − M_B = 0.002129 u
2mₑ = 0.0010972 u
Q = 0.0010318 × 931.5 = 0.961 MeV

இந்தச் சிதைவில் பாசிட்ரானுக்குக் கிடைக்கும் அதிகபட்ச ஆற்றல் 0.960 MeV என்று கேள்வியிலேயே கொடுத்திருப்பாங்க. நம்ம விடை அதோடு ஒட்டி வருது. போரான் அணுக்கரு ரொம்பக் கனம், அது பின்னுக்குப் போகும்போது எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. நியூட்ரினோ ஒண்ணுமே எடுக்காத சமயத்தில் மொத்தமும் பாசிட்ரானுக்குப் போகும். விடை 1.472 வந்தால், அந்த 0.511 MeV எங்கே போச்சுன்னு கேளுங்க. 0.511 என்பது சரியாக ஒரு எலக்ட்ரானின் நிறை ஆற்றல். வித்தியாசம் அந்த எண்ணிலோ அதன் இரு மடங்கிலோ இருந்தால், பிழை எலக்ட்ரான் எண்ணிக்கையில்தான்.

"அப்போ எல்லாக் கணக்கிலும் இரண்டைக் கழிக்கணுமா?" இல்லை. எலக்ட்ரான் வெளிவரும் பீட்டா சிதைவில் புதிய அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் கூடுதலா வேணும், அதனால் எல்லாம் தானாகவே சரியாகிடும். அணு நிறைகளைக் கழித்தாலே போதும். அதனால சூத்திரத்தை மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொரு முறையும் 6mₑ, 5mₑ என்று ஒரு வரி எழுதுங்க.

அடுத்து, எண்களைச் சுருக்குவது. இரண்டு நிறைகளும் 11.01 என்று சுருக்கினால் வித்தியாசம் பூஜ்ஜியம்! மூன்று தசம இடம் வைத்தால் 0.002 u, Q 0.841 MeV. நாலு இடம் வைத்தாலும் 0.934 தான். கிட்டத்தட்ட சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது முன்னால் இருக்கும் இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போகும். எட்டு இலக்கத்தில் ஆரம்பித்து 0.002129 என்று நாலுதான் மிஞ்சுது. அதனால கழிக்கும் வரை எதையும் வெட்டாதீங்க. கடைசி வரியில் மட்டும் சுருக்குங்க.

கடைசியா அலகு. சிலர் முதலில் 0.002129 ஐ 931.5 ஆல் பெருக்கி 1.983 என்று அலகு இல்லாமல் எழுதுவாங்க. அடுத்த வரியில் அதிலிருந்து 0.001097 ஐக் கழிப்பாங்க. விடை 1.982. முதல் எண் MeV, இரண்டாவது u. ரூபாயில் இருந்து டாலரைக் கழித்த கதை. பக்கத்தில் அலகு எழுதியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று, கடைசி வரை u-விலேயே போங்க. இல்லைன்னா 2mₑ ஐயும் 1.022 MeV ஆக்கிட்டு அப்புறம் கழிங்க.

அந்த 1.022 ஐ ஞாபகத்தில் வையுங்க. அணு நிறை வித்தியாசம் அதைவிடக் குறைந்தால் பாசிட்ரான் வரவே முடியாது. பெரிலியம்-7 லித்தியம்-7 ஆகும்போது வித்தியாசம் 0.862 MeV தான். அதனால் அது பாசிட்ரானை வெளியிடாது, தன் எலக்ட்ரான் ஒன்றையே உள்ளே இழுத்துக்கும். இதுக்கு பாசிட்ரான் சிதைவின் Q கேட்டால் எதிர்மறை விடைதான் வரும். அந்தக் கழித்தல் குறியை அழிச்சிடாதீங்க, அதுதான் விடை.

அடுத்த எபிசோடில் அரை ஆயுள் கணக்குகள். சந்திப்போம்.