எண்ணி எழுதுங்கள்



என் அன்பு செவிலியர் மாணவ மாணவிகளே, நீங்கள் ஏற்றிய இந்த விளக்கு நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கு அல்ல. கிரிமியப் போரின்போது அவர் கையில் இருந்தது துருக்கி நாட்டு மடக்கு லாந்தர். நீங்கள் சொன்ன உறுதிமொழியும் அவர் எழுதியதல்ல. 1893-இல் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. அம்மையார் நமக்கு விட்டுப்போனது, இரவில் ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று பார்க்கும் பழக்கம்.

நம் வட சென்னைக்கு அந்தப் பழக்கம் மிகவும் தேவை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர்ப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டீர்கள். உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அப்படி ஒரு மீனவப் பெண் உங்கள் முன் வந்தால் என்ன செய்வீர்கள்? அம்மோனியா, ஈரம் பட்ட இடத்தில் காரமாக மாறிப் புண்ணாக்கும். கண், தொண்டை, நுரையீரல் மூன்றும் ஈரமானவை. அதனால் முதலில் கையுறை போட்டு, வாயு படிந்த உடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணுக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம். மூச்சு வாங்கினால் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வையுங்கள்.

பிறகு அவரைப் பேசச் சொல்லுங்கள். குரல் கம்மியிருந்தாலோ, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ, தொண்டை உள்ளே வீங்குகிறது. விரலில் மாட்டிய கருவி 98 காட்டினாலும் நம்பி நிற்காதீர்கள். அந்த நொடியே டாக்டரை அழையுங்கள்.

குரல் நன்றாக இருந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்பலாகாது. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சின் எண்ணிக்கை. 18 ஆக இருந்தது 22 ஆகும், பிறகு 28 ஆகும்.

இங்கேதான் நம் தொழிலில் தவறு நடக்கிறது. வார்டு சார்ட்டுகளில் படுக்கைக்குப் படுக்கை மூச்சு 20 என்றே எழுதியிருக்கும். அத்தனை பேருக்கும் ஒரே மூச்சு இருக்க முடியுமா? யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணாமல் எழுதிய 20, அந்த அம்மாவின் 28-ஐ மறைத்துவிடும். டாக்டர் அதைப் பார்த்து அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்.

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதாகச் சொல்லாதீர்கள், தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சைப் பாருங்கள்.

பெற்றோர்களே, இன்றே ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், நொடி முள் இருந்தால் போதும். பிள்ளைகளே, நாளைக் காலை அதோடு வகுப்புக்கு வாருங்கள்.