நேர்கோடு ஒண்ணுதான், எலாஸ்டிசிட்டி ஒண்ணு இல்லை: ஒரு டிக்கெட் கணக்கு

முதல் வருஷம் எகனாமிக்ஸ் படிக்கிறவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இன்னிக்கு எடுத்துக்கலாம். தேவைக் கோடு நேர்கோடா இருந்தா அதோட சாய்வு எல்லா இடத்திலும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் விலை நெகிழ்ச்சி, அதாவது எலாஸ்டிசிட்டி, இடத்துக்கு இடம் மாறுது?

இதுக்குப் பதில் எனக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்கலை. ஒரு நாடகத்தில் கையைச் சுட்டுக்கிட்டுத்தான் கிடைச்சது. காலேஜில் எங்க நாடகக் குழுவுக்கு நான்தான் பொருளாளர். புரிய வசதியா எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிச் சொல்றேன்.

முதல் நாடகத்துக்கு டிக்கெட் 20 ரூபாய் வெச்சோம். 160 பேர் வந்தாங்க. வசூல் 3,200. அடுத்த நாடகத்துக்கு 30 ரூபாய். 140 பேர். வசூல் 4,200. நான் போட்ட கணக்கு இதுதான்: "10 ரூபாய் ஏத்தினா 20 பேர்தான் குறையுறாங்க. ஆனா கல்லாவில் 1,000 ரூபாய் கூடுது. இன்னும் ஏத்தலாம்."

மூணாவது நாடகத்துக்கு லைட் செட் வாடகை மட்டும் 4,500 ரூபாய். நான் யோசிக்காம டிக்கெட்டை ஒரேயடியா 70 ஆக்கிட்டேன். வந்தவங்க 60 பேர். வசூல் எவ்வளவு? அதே 4,200. விலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறியும் ஒரு ரூபாய்கூட அதிகமா வரலை. பாதிக்கு மேல காலியா இருந்த அரங்கத்தில் நண்பர்கள் நடிச்சாங்க. வாடகையில் குறைஞ்ச 300 ரூபாயை நாங்களே கைக்காசு போட்டுக் கொடுத்தோம்.

இதில் வேடிக்கை என்னன்னா, "10 ரூபாய்க்கு 20 பேர்"ங்கிற என் கணக்கு தப்பே இல்லை. 30-லிருந்து 70 வரைக்கும் 40 ரூபாய் ஏத்தினேன், சரியா 80 பேர் குறைஞ்சாங்க. மூணு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் உட்காருது. அந்தக் கோட்டை ரெண்டு பக்கமும் நீட்டினா, இலவசமா விட்டா 200 பேர் வருவாங்க, 100 ரூபாய் வெச்சா ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு காட்டும். அப்போ என் தப்பு எங்கே?

20 பேர்ங்கிறது எல்லா இடத்திலும் ஒரே அளவு இழப்புன்னு நான் நினைச்சதுதான் தப்பு. 160 பேரில் 20 பேர் போனா எட்டில் ஒரு பங்கு. 60 பேரில் 20 பேர் போனா மூணில் ஒரு பங்கு. அதே மாதிரி, 20 ரூபாய் டிக்கெட்டில் 10 ரூபாய் ஏத்தினா அது 50 சதவீத உயர்வு. 70 ரூபாய் டிக்கெட்டில் அதே 10 ரூபாய் சுமார் 14 சதவீதம்தான்.

சாய்வு ரூபாயையும் ஆட்களையும் எண்ணுது. எலாஸ்டிசிட்டி சதவீதத்தைக் கேக்குது: விலை 1 சதவீதம் ஏறினா, வாங்குறவங்க எத்தனை சதவீதம் குறையுறாங்க? விலை ஏறினா ஆட்கள் குறையுறதால இதுக்கு மைனஸ் குறி வரும். வழக்கம் போல அதை விட்டுட்டு அளவை மட்டும் பார்ப்போம்.

20 ரூபாயில் 1 சதவீதம்னா 20 பைசா. ஒரு ரூபாய்க்கு ரெண்டு பேர் வீதம் 0.4 ஆள் குறைவாங்க. 160 பேரில் அது கால் சதவீதம். அப்போ எலாஸ்டிசிட்டி 0.25. இப்போ 80 ரூபாய்க்குப் போவோம். அங்கே 1 சதவீதம்னா 80 பைசா, குறையுறது 1.6 ஆள். ஆனா அந்த விலைக்கு வர்றதே 40 பேர்தான். அதில் 1.6 ஆள்னா 4 சதவீதம். எலாஸ்டிசிட்டி 4. ஒரே கோடு, ஆனா பதினாறு மடங்கு வித்தியாசம். மேலே போகப் போக 1 சதவீத விலை உயர்வே பெரிய தொகை ஆகுது, அதே நேரம் கூட்டமும் சின்னதாகுது. ரெண்டும் சேர்ந்து எலாஸ்டிசிட்டியை ஏத்துது.

இந்தக் கோட்டுக்குச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. ஒருத்தரும் வாங்காத விலை 100. இப்போதைய விலையை, அந்த 100-ஐத் தொட இன்னும் எவ்வளவு பாக்கியோ அதால வகுங்க. 20-ஐ 80-ஆல் வகுத்தா 0.25. 80-ஐ 20-ஆல் வகுத்தா 4. நட்டநடுவில், 50 ரூபாயில், சரியா 1. அதுக்குக் கீழே இன்எலாஸ்டிக், மேலே எலாஸ்டிக்.

இது வசூலில் எப்படித் தெரியுதுன்னு பாருங்க. 20-லிருந்து 30-க்கு ஏத்தினப்போ, தங்கின 140 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கூடுதலா கொடுத்தாங்க. லாபம் 1,400. போன 20 பேர் கொடுத்திருக்க வேண்டிய 20 ரூபாய் நமக்கு வரலை. நஷ்டம் 400. மிச்சம் 1,000 ரூபாய் கூடுது. 70-லிருந்து 80-க்கு ஏத்தியிருந்தா? தங்குற 40 பேர்கிட்ட கிடைக்கிறது 400. போற 20 பேர்கிட்ட இழக்கிறது 1,400. அதே 1,000 ரூபாய், இந்தத் தடவை குறையுது. நான் 50 வெச்சிருந்தா 100 பேர் வந்திருப்பாங்க, வசூல் 5,000. வாடகையும் கட்டியிருக்கலாம், அரங்கமும் பாதி நிரம்பியிருக்கும். நான் மலையோட ஒரு பக்கம் ஏறி, உச்சியைக் கவனிக்காம, மறுபக்கம் அதே உயரத்துக்கு இறங்கி நின்னிருக்கேன்.

பரீட்சையில் நிறைய பேர் விழுற குழி ஒண்ணையும் சொல்லிடறேன். "தட்டையான கோடு எலாஸ்டிக், செங்குத்தான கோடு இன்எலாஸ்டிக்"னு எழுதுவாங்க. பக்கத்து காலேஜையும் அழைச்சோம், ஒவ்வொரு விலைக்கும் ரெண்டு மடங்கு பேர் வர்றாங்கன்னு வெச்சுக்குங்க. விலையை நிமிர்ந்த அச்சில் வெச்சுதானே நாம வரையுறோம்? அப்படி வரைஞ்சா புதுக் கோடு பழசைவிடத் தட்டையா தெரியும். ஆனா 70 ரூபாயில் வர்ற 120 பேரில், 10 ரூபாய் ஏத்தினா 40 பேர் போவாங்க. அதுவும் மூணில் ஒரு பங்குதான். எந்த விலையில் பார்த்தாலும் பழைய எலாஸ்டிசிட்டியே வரும், ஏன்னா ரெண்டு கோடும் அதே 100 ரூபாயில்தான் முடியுது. அதனால "இந்தக் கோடு எலாஸ்டிக்கா?"ன்னு கேக்காதீங்க. "எந்த விலையில்?"னு கேளுங்க.

ரெண்டு எச்சரிக்கை. என்கிட்ட இருந்தது 20-க்கும் 70-க்கும் நடுவில் மூணு புள்ளிதான். அதுக்கு வெளியே கோடு நேராவே போகும்னு சொன்னது என் ஊகம், உண்மையில் வளையலாம். அடுத்தது, காலி சீட்டில் கூடுதலா ஒருத்தர் உட்கார்ந்தா எங்களுக்குச் செலவே இல்லை. அதனாலதான் வசூலை மட்டும் பார்த்தோம்.

இதே கோட்டில் நாடகத்துக்குப் பதிலா டி-ஷர்ட் விக்கிறீங்க, ஒண்ணு அடிக்க 40 ரூபாய் ஆகுதுன்னு வெச்சு, 50 ரூபாயிலும் 70 ரூபாயிலும் லாபம் எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க. என்னைக் கவிழ்த்த அதே 70 அங்கே ஜெயிக்கும். ஏன்னு அடுத்த எபிசோடில் பேசலாம்.